கேரண்டி தீருகதுக்கு நாப்பத்தஞ்சு நாள் முன்னே

விதை பாவின தேதி, நடவு நட்ட தேதி, மேலுரம் போட்ட தேதி எல்லாம் எழுதி வைக்கிற நோட்டு ஒண்ணு எங்க வீட்டில எப்பவும் உண்டு. அந்த நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தில இப்பம் நெல்லும் இல்ல, வாழையும் இல்ல. இன்வர்ட்டர் பேட்டரி, விளையில கிடக்கிற மோட்டார், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர்னு சாமான் பேரும் அதுக்கு நேரா தேதிகளும்தான் இருக்கு. எங்க வீட்டுச் சாமான் பாதி. மீதிப் பாதி, பிள்ளைகள் வெளியூரில இருக்கிற நாலஞ்சு வீட்டுச் சாமான். பெரியம்மை வீட்டுது அதில ஒண்ணு.

ஊரில தனியா இருக்கிற அம்மைக்கும் அப்பாவுக்கும் சாமான் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் இதைப் படிக்கிறவங்களில நிறைய பேர் இருப்பீங்க. அதனாலதான் இதை எழுதுகேன். வாரண்டி தீருகிற தேதியை ஞாபகம் வச்சா போதும்னுதான் எல்லாரும் நினைக்கோம். அந்தத் தேதி வந்து ஒரு பிரயோசனமும் இல்ல. அதுக்கு ஒண்ணரை மாசம் முன்னால, சாமானை ஒருவாட்டி நல்லா ஓட்டிப் பாக்கிற தேதிதான் வேணும். ஏன்னு பெரியம்மை வீட்டு பேட்டரியை வச்சே சொல்லுகேன்.

2022 அக்டோபர் 14ஆம் தேதி பெங்களூரில இருக்கிற தம்பி வாங்கிக் கொடுத்த பேட்டரி அது. 150 ஆம்பியர், டியூபுலர். வாரண்டி அட்டையில 36+24 மாசம்னு போட்டிருந்தது. பாக்கதுக்கு அஞ்சு வருஷம் கேரண்டின்னு தோணும், கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். ஆனா நடுவில இருக்கிற அந்தக் கூட்டல் குறிதான் விஷயமே. முதல் 36 மாசத்தில பேட்டரி கெட்டா பைசா வாங்காம வேற தரணும். அடுத்த 24 மாசத்தில கெட்டா, புதுசு வாங்குகதுக்குக் கொஞ்சம் விலை குறைச்சுத் தருவாங்க, அவ்வளவுதான். அந்தக் குறைப்பும் மாசம் போகப் போகத் தேயும். அதுவும் பெரும்பாலும் அட்டையில அச்சடிச்ச எம்.ஆர்.பி. விலையில கழிப்பாங்க. கடையில நாம பேசி வாங்குகிற விலை அதைவிட நல்லாவே கம்மி. போதாததுக்குப் பழைய பேட்டரியையும் எடுத்துக்குவாங்க. பழைய பேட்டரியை ஈயத்துக்குப் போட்டாலே ஒரு காசு கிட்டும் இல்லையா, அதையும் சேத்துப் பாத்தா அஞ்சாவது வருஷத்தில அந்த 'வாரண்டி' கிட்டத்தட்ட வெறும் பேருதான். ஆகவே அந்த பேட்டரிக்கு உண்மையான கடைசித் தேதி 2027 இல்ல. 2025 அக்டோபர் 13.

இதுக்கு நாற்பத்தஞ்சு நாள் முன்னால, ஆகஸ்ட் 29ஆம் தேதிக்கு, போனில ஒரு நினைவூட்டல் போட்டு வச்சிருந்தேன். ஓணத்துக்கு முந்தின வாரம் அது. மறுநாள் சாயங்காலம் பெரியம்மை வீட்டுக்குப் போனேன்.

"எலே மக்கா, அதுக்கு ஒரு கொறையும் இல்ல. கரண்ட் போனா உடனே லைட்டு எரியுகு. பின்ன என்னத்துக்கு இப்பம் ஆளைக் கூப்பிடணும்?"ன்னாங்க பெரியம்மை.

அவங்க சொன்னது பொய்யில்ல. எங்க பக்கம் கரண்ட் போனா பெரும்பாலும் பத்து நிமிஷம், கால் மணி நேரத்தில வந்துரும். கால் மணி நேரத்துக்கு பாதி செத்த பேட்டரிகூடத் தாக்குப் பிடிக்கும். கெட்டுப்போனது வெளியே தெரியவே செய்யாது. அது தெரியணும்னா மணிக்கணக்கில கரண்ட் போகணும். எங்க ஊரில அது போகிறது ஐப்பசி, கார்த்திகை மழையிலதான். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ கன்னியாகுமரி மாவட்டத்தில போஸ்டெல்லாம் சாஞ்சு, பல ஊர்களில நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தோம். பெரியப்பாவுக்கு இழுப்பு உண்டு. ராத்திரி மூச்சு முட்டினா நெபுலைசர் வைக்கணும், அது கரண்டில ஓடுகிற மெஷின். அக்டோபர் 13ஆம் தேதி கேரண்டி தீரும், அதுக்கு அடுத்த வாரமே மழை தொடங்கும். அந்தக் கால் மணி நேர பேட்டரியை நம்பி அந்த வீட்டில ரெண்டு வயசானவங்க இருந்திருப்பாங்க.

ஓட்டிப் பாக்கிறது லேசான காரியம். காலையில இருந்து நல்லா சார்ஜ் ஏற விட்டுட்டு, சாயங்காலம் இன்வர்ட்டருக்கு வருகிற கரண்டை மட்டும் நிறுத்தினேன். ரெண்டு ஃபேன், மூணு எல்.இ.டி. பல்பு போட்டுட்டு மணியைப் பாத்துக்கிட்டு உக்காந்தோம். வாங்கின வாரத்தில இதே ரெண்டு ஃபேனும் மூணு பல்பும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடினதா நோட்டில எழுதியிருந்தேன். இப்பம் ஒரு மணி இருபது நிமிஷத்தில இன்வர்ட்டர் கீச்சுன்னு கத்தி நின்னு போச்சு.

"இது என்னலே, எங்கிட்ட இத்தனை நாளும் நடிச்சிருக்கு!"ன்னு பெரியம்மை பேட்டரியை ஒரு பார்வை பாத்தாங்க.

இங்க ஒண்ணு கவனிக்கணும். முதல் வாரத்தில எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு எழுதி வைக்காம இருந்திருந்தா, ஒரு மணி இருபது நிமிஷங்கிறது நல்லதா கெட்டதான்னு யாருக்கும் சொல்லத் தெரியாது. "மூணு வருஷம் ஆச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு விட்டிருப்போம். சாமான் வாங்கின அன்னைக்கு பில்லோடகூட அதோட அன்றைய பலத்தையும் எழுதி வைக்கணும்னு நான் சொல்லுகது இதுக்குத்தான். பேட்டரின்னா எத்தனை நேரம், வாஷிங் மெஷின்னா ஒரு தவணை துவைச்சு முடிக்க எத்தனை நிமிஷம், மோட்டார்னா ஒரு டிரம் நிறைய எத்தனை விநாடி. ஒரு வரி போதும்.

திங்கட்கிழமை, செப்டம்பர் 1ஆம் தேதி, போனில புகார் பதிஞ்சோம். மூணாம் நாள் ஆள் வந்தார். ஒவ்வொரு மூடியாத் திறந்து ஹைட்ரோமீட்டர் வச்சு கிராவிட்டி பாத்தார். பேட்டரிக்குள்ள ஆறு அறை உண்டு. அஞ்சு அறையில 1230, 1240ன்னு காட்டிச்சு, அது சரியான அளவு. ஒண்ணில மட்டும் 1130. ஆறும் ஒண்ணுபோல குறைஞ்சிருந்தா சார்ஜ் ஏறவில்லைன்னு அர்த்தம், கோளாறு இன்வர்ட்டரில இருக்கலாம். ஒண்ணு மட்டும் தனியா விழுந்து கிடந்தா அந்த அறை செத்துப் போச்சுன்னு அர்த்தம். அது பேட்டரிக் கோளாறு, தட்டிக்கழிக்க முடியாது. அவர் வருகதுக்கு முந்தின நாள் தண்ணி ஊத்த வேண்டாம்னு நான் பெரியம்மைகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். புதுசா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தின உடனே பாத்தா அளவு தப்பாக் காட்டும்.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் சார்ஜ் போட்டுப் பாத்துட்டு, செப்டம்பர் 11ஆம் தேதி புது பேட்டரி கொண்டு வச்சாங்க. "இனி மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்னு பெரியப்பா சந்தோஷப்பட்டார். அதை மட்டும் திருத்தவேண்டி வந்தது. மாத்திக் கொடுக்கிற பேட்டரிக்குப் புதுசா வாரண்டி தொடங்காது, பழைய பேட்டரிக்கு மிச்சம் இருக்கிற காலம்தான் இதுக்கும். அட்டையில சின்ன எழுத்தில அப்படித்தான் போட்டிருக்கும். அதனால நோட்டில தேதி மாறவில்ல. பக்கத்தில "மாத்தியது, புது நம்பர்"னு மட்டும் எழுதினேன்.

இனி அந்தத் தேதிகளை எப்படிப் போட்டு வைக்கிறதுன்னு பாப்போம். நோட்டு எனக்கு. வெளியூரில இருக்கிற உங்களுக்கு கூகுள் ஷீட்டில அஞ்சு கட்டம் போதும். சாமான் பேரு A-யில, பில் தேதி B-யில, வாரண்டி எத்தனை மாசம்னு C-யில. கடைசித் தேதியும் ஓட்டிப் பாக்கவேண்டிய தேதியும் தானே வரும்:

```
D2:  =EDATE(B2,C2)-1
E2:  =D2-45
```

பேட்டரி மாதிரி ரெண்டு தவணை வாரண்டி இருந்தா, C-யில 60 போடாதீங்க, 36 போடுங்க. பிரிட்ஜுக்குப் 'பத்து வருஷம்'னு எழுதியிருந்தா அது கம்ப்ரஸருக்கு மட்டும், முழு பிரிட்ஜுக்குப் பெரும்பாலும் ஒரே வருஷம்தான். அதை ரெண்டு வரியாப் போடுங்க.

E-யில வருகிற தேதியை போன் காலண்டரில அந்த நாளுக்கே ஒரு தனி நிகழ்ச்சியாப் போடணும். கடைசித் தேதியைப் போட்டுட்டு "முன்கூட்டி ஞாபகப்படுத்து"ன்னு வச்சா, கூகுள் காலண்டரில நாலு வாரத்துக்கு மேல முன்னால வைக்க விடாது. நாலு வாரம் பத்தாது. ஓட்டிப் பாக்க ஒரு நாள், புகார் பதிய ஒரு நாள், நாகர்கோவிலில இருந்து ஆள் வர ஒரு வாரம், அவர் வந்து 'பார்ட்ஸ் இல்ல, வரவழைக்கணும்'னு சொன்னா இன்னும் ரெண்டு வாரம், நடுவில ஓணமோ பொங்கலோ வந்தா அது வேற. நாற்பத்தஞ்சு நாள்னு நான் வச்சது இந்தக் கணக்கிலதான்.

அந்த நினைவூட்டல் யாருக்குப் போகணும்ங்கிறதுதான் இதைவிடப் பெரிய விஷயம். பெரியம்மை வீட்டு வாஷிங் மெஷினை ஆன்லைனில வாங்கினது தம்பி. பில்லு அவன் மெயிலில, பதிவு பண்ணின நம்பர் அவனுடையது. ஒருவாட்டி கோளாறாகிப் புகார் கொடுத்தப்போ, சர்வீஸ் ஆள் ஊருக்கு வந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கார். தம்பி ஆபீஸ் மீட்டிங்கில இருந்தான், எடுக்கவில்ல. 'வாடிக்கையாளர் கிடைக்கவில்லை'ன்னு எழுதிட்டு அவர் போயிட்டார். பெரியம்மை தெருவில வெத்தல போட்டுக்கிட்டு அவரைக் காத்துத்தான் இருந்தாங்க.

அதனால சாமான் வாங்குகப்போ ரெண்டாவது நம்பரா ஊரில இருக்கிறவங்க நம்பரைக் கொடுங்க. காலண்டர் நிகழ்ச்சியில ஊரில இருக்கிற ஒருத்தரை, பக்கத்து வீட்டுப் பையனோ மைனியோ யாரா இருந்தாலும், அழைப்பில சேத்துவிடுங்க. அவங்க போனிலயும் மணி அடிக்கும். நிகழ்ச்சியின் தலைப்பில "பேட்டரி வாரண்டி"ன்னு மட்டும் எழுதினா அதைப் பாக்கிற ஆளுக்கு என்ன செய்யணும்னு தெரியாது. "பேட்டரியை ரெண்டு ஃபேன் போட்டு ஓட்டிப் பாக்கவும், அஞ்சு மணி நேரம் நிக்கணும்"னு தமிழில செய்யவேண்டிய காரியத்தை எழுதுங்க. கீழே பில்லுப் படத்தையும் சாமானில ஒட்டியிருக்கிற நம்பர் படத்தையும் சேத்து வைங்க. கடையில மெஷினில அடிச்சுத் தருகிற வழவழப்பான பில்லு ஒரு கோடைக்குள்ள வெள்ளைத் தாளாகிப் போகும். வாங்கின அன்னைக்கே படம் எடுக்கணும். பில்லு இல்லாம போனா பேட்டரிக்காரங்க அதில குத்தியிருக்கிற தயாரிப்பு மாசத்தில இருந்துதான் கணக்கு எடுப்பாங்க. கடையில நாலு மாசம் உக்காந்திருந்த பேட்டரின்னா உங்க நாலு மாசம் அங்கேயே போச்சு.

டவுனு ஆட்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி விவசாய சாமானில உண்டு. வீட்டு பிரிட்ஜ் வருஷம் முழுக்க ஓடும். விளையில கிடக்கிற மோட்டார் அப்படி இல்ல. எங்க பக்கம் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணையில இருந்து சானலில தண்ணி ஜூன் வாக்கில வரத் தொடங்கி பிப்ரவரி முடிய ஓடும். அந்த ஒன்பது மாசமும் மோட்டாருக்கு வேலை கம்மி. மார்ச்சில சானல் அடைச்ச பிறகுதான் வாழைக்கும் தென்னைக்கும் அதைத் தேடுவோம். அப்பம் ஒரு வருஷ வாரண்டின்னா அது நிசத்தில மூணு மாச ஓட்டத்துக்குத்தான். மருந்தடிக்கிற ஸ்ப்ரேயருக்கு இன்னும் மோசம். கன்னிப்பூவுக்கு நாலு நாள், கும்பப்பூவுக்கு நாலு நாள்னு வருஷத்துக்குப் பத்து நாள்கூட ஓடாது.

அதுக்கு மேல மோட்டார் அட்டையில இன்னொரு வரி இருக்கும்: மாட்டின தேதியில இருந்து 12 மாசம், அல்லது பில் தேதியில இருந்து 18 மாசம், எது முந்தியோ அது. எங்க சப்மெர்சிபிள் மோட்டாருக்கு பில் 2024 மார்ச் 10, போரில இறக்கினது ஏப்ரல் 2. பில்லுப்படி பாத்தா 2025 செப்டம்பர் 9 வரை உண்டு. மாட்டின கணக்கில 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோட தீரும். எது முந்தியோ அதுன்னா ஏப்ரல் 1தான். அதாவது ரெண்டாவது கோடை சூடுபிடிக்கதுக்கு முன்னாலயே கேரண்டி போயாச்சு.

அதுக்கு நாற்பத்தஞ்சு நாள் முன்னாலன்னா பிப்ரவரி 15. சானலில இன்னும் தண்ணி ஓடிட்டு இருக்கும், மோட்டாரை யாரும் நினைக்க மாட்டாங்க. அன்னைக்கு வேலை இல்லாட்டாலும் ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். இறக்கின அன்னைக்கு 200 லிட்டர் டிரம் 50 விநாடியில நிறைஞ்சதா நோட்டில இருந்தது. இப்பம் 52. எலெக்ட்ரீஷியனைக் கூட்டி மூணு பேஸிலயும் ஆம்பியர் பாத்தோம், மோட்டார் தகட்டில போட்டிருக்கிற அளவுக்குள்ள மூணும் ஒண்ணுபோல இருந்தது. சரி, மோட்டார் நல்லாருக்குன்னு எழுதி விட்டாச்சு. ஒருவேளை 70 விநாடி ஆகியிருந்தா உடனே மோட்டாரைக் குத்தம் சொல்லவும் முடியாது. போரில தண்ணி மட்டம் இறங்கினாலும் அப்படித்தான் ஆகும். கயித்தில கல்லைக் கட்டி இறக்கி மட்டத்தையும் அளந்துக்கணும். மட்டம் பழைய மாதிரியே இருந்து தண்ணி மட்டும் குறைஞ்சா அது மோட்டார் கோளாறு, அப்பம் புகார் கொடுக்கலாம். ஆனா உள்ளூரில அழிச்சு ரீவைண்டிங் பண்ணிட்டா பிறகு கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான். கேரண்டி உள்ள மோட்டாரை மெக்கானிக் கையில கொடுக்கதுக்கு முன்ன இதை யோசிக்கணும்.

புகார் கொடுத்த பிறகு ரெண்டு விஷயம் ஞாபகம் வைக்கணும். ஒண்ணு, புகார் நம்பரும் தேதியும். கடைசித் தேதிக்கு முன்ன புகார் பதிஞ்சாச்சுன்னா, ஆள் அதுக்குப் பிறகு வந்தாலும் உங்க பக்கம் பேச இடம் உண்டு. வாயால சொல்லிட்டு வந்தா அதுக்குச் சாட்சி இல்ல. "அடுத்த வாரம் வாரேன் அண்ணாச்சி"ன்னு கடைக்காரர் சொன்னதை யாரும் எழுதி வைக்க மாட்டாங்க. ரெண்டாவது, வேலை முடிஞ்சதும் போனுக்கு வருகிற ஓ.டி.பி. அதைச் சொன்னா புகார் தீர்ந்ததா அவங்க கணக்கில முடியும். பல வீடுகளில ஆள் வந்து பாத்துட்டு, "பார்ட்ஸ் கொண்டுவந்து மாத்துகேன், இப்பம் அந்த நம்பரைச் சொல்லுங்க"ன்னு வாங்கிட்டுப் போயிருவார். சாமான் ஓடுகதைக் கண்ணால பாத்த பிறகுதான் அதைச் சொல்லணும்னு ஊரில இருக்கிறவங்ககிட்டயும், வெளியூரில இருந்து போனில நம்பர் சொல்லுகிற பிள்ளைகள்கிட்டயும் சொல்லி வைக்கணும்.

இழுத்தடிச்சா 1915க்கு போன் போடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலயும் தீரலன்னா நாகர்கோவிலில இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பிரச்சனை உண்டான நாளில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள சாமானுக்குக் கட்டணம் இல்ல. அங்க போகிற நிலை வந்தாலும் கையில இருக்கவேண்டியது இதே மூணுதான்: பில்லுப் படம், புகார் நம்பர், ஓட்டிப் பாத்த தேதி.

ஒண்ணு மட்டும் எந்த நினைவூட்டலும் காப்பாத்தாது. இடி விழுந்தது, வோல்டேஜ் ஏறி எரிஞ்சது, எலி கடிச்சது, பல்லி போர்டில விழுந்து செத்தது, கடல்காத்தில துருப் பிடிச்சது, இதெல்லாம் பெரும்பாலான அட்டைகளில கேரண்டிக்கு வெளியே. இதுக்கு எங்க நோட்டில வேற ஒரு வரி உண்டு. புரட்டாசி கடைசியில வருஷாவருஷம் திரும்பி வருகிற மாதிரி போட்டது: ஸ்டெபிலைசர் வேலை செய்யுகான்னு பாக்கணும், எர்த் குழியில தண்ணி ஊத்தணும், இடி கேட்டா பிளக்கைப் பிடுங்கணும்னு வீட்டில சொல்லணும்.

அடுத்து நோட்டில வருகது பெரியம்மை வீட்டு பிரிட்ஜ். முழு வாரண்டி தையில தீருகு. டிசம்பரில ஒரு நாள் அதில தண்ணி வச்சு எத்தனை மணி நேரத்தில ஐஸ் கட்டுதுன்னு பாக்கணும். அதுக்கு மேல வருகது கம்ப்ரஸர் கேரண்டி மட்டும்தான். கம்ப்ரஸர் சாமானை இலவசமாத் தந்தாலும், கேஸ் ஏத்துகதுக்கும் ஆள் கூலிக்கும் நாமதான் கொடுக்கணும். தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வருகான். அவன் வருகதுக்கு முன்னால ஐஸ் கட்டின கணக்கை அவனுக்கு அனுப்பிருவேன்.